வில் நடுங்குகிறது என்று மாத்திரை போடுவதற்கு முன்

வயலின் வாசிப்பவர்களுக்கு மேடை நடுக்கம் எந்த இடத்தில் வந்து நிற்கும் என்று நன்றாகத் தெரியும். வர்ணம் எப்படியோ ஓடிவிடும். வேகத்தில் கை நடுங்குவது வெளியே தெரியாது. ராக ஆலாபனையில் மேல் ஷட்ஜத்துக்குப் போய் வில்லை மெதுவாக நீட்டி இழுக்கும்போதுதான் அது தந்தியின் மேல் துள்ளத் தொடங்கும். கேட்பவர்களுக்குக் கமகம் போலத் தோன்றலாம். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மிருதங்கக்காரருக்குத் தெரிந்துவிடும்.

இதற்கு ஒரு மாத்திரை இருப்பதாக மூத்த கலைஞர் யாராவது காதோடு சொல்வார். அது பெரும்பாலும் புரோப்ரனோலால். சொன்னவர் பொய் சொல்லவில்லை. ஜேம்ஸ் பிளாக் 1960களில் நெஞ்சு வலிக்காக உருவாக்கிய மருந்து இது. 1988இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். பீட்டா பிளாக்கர் என்ற இதே குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு மருந்து தந்தி வாத்தியக்காரர்களின் நடுக்கத்தைக் குறைப்பதாக 1977இலேயே 'லான்செட்' இதழில் ஆய்வு வந்திருக்கிறது. மாத்திரை வேலை செய்கிறது. ஆனால் என்ன வேலை செய்கிறது என்பதைத் தப்பாகப் புரிந்துகொள்வதில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

இதைப் பயம் போக்கும் மாத்திரை என்று நினைப்பது முதல் தவறு. மேடை ஏறும்போது உடலில் அட்ரினலின் சுரக்கிறது. அது இதயத்திலும் தசைகளிலும் உள்ள பீட்டா ஏற்பிகள் என்னும் இடங்களில் போய் உட்காரும்போது நெஞ்சு படபடக்கிறது, விரல் நடுங்குகிறது. புரோப்ரனோலால் அந்த இடங்களை முன்கூட்டியே பிடித்துக்கொள்கிறது. அட்ரினலின் வந்தாலும் அதற்கு உட்கார இடம் இருக்காது. படபடப்பும் நடுக்கமும் அடங்குவதைப் பார்த்து மனமும் கொஞ்சம் அடங்கலாம். அது உப லாபம். 'சரணம் மறந்துவிட்டால் என்ன செய்வது' என்ற எண்ணத்தை மருந்து தொடுவதே இல்லை. உள்ளங்கை வியர்வை வேறு வழியில் வருவதால் அதுவும் பெரிதாகக் குறையாது. கச்சேரிக்கு மூன்று வாரம் முன்பிருந்தே தூக்கம் போகிறவர், வாய்ப்பு வந்தால் ஏதாவது காரணம் சொல்லித் தட்டிக்கழிப்பவர், நாலு பேருடன் பேசவே கூசுபவர், காரணமில்லாமல் பீதி வந்து திணறுபவர் ஆகியோருக்கு இது மருந்தல்ல. அவர்களுக்கு வேண்டியது மனநல மருத்துவரின் சிகிச்சை.

இரண்டாவது தவறு ஆபத்தானது. பீட்டா ஏற்பிகள் நுரையீரலிலும் இருக்கின்றன. மூச்சுக் குழாய்களைத் திறந்து வைப்பது அங்குள்ளவற்றின் வேலை. இதயத்தில் உள்ளது, நுரையீரலில் உள்ளது என்று புரோப்ரனோலால் பிரித்துப் பார்ப்பதில்லை, இரண்டையும் அடைத்துவிடும். ஆஸ்துமா உள்ளவர் ஒரே ஒரு மாத்திரை போட்டாலும் கடுமையான மூச்சுத்திணறல் வரக்கூடும். அப்போது கை தானாகத் தேடுவது சால்பியூட்டமால் இன்ஹேலரை. அது வேலை செய்ய வேண்டிய இடமும் அதே ஏற்பிதான் என்பதால் இன்ஹேலரும் சரியாகக் கைகொடுக்காது.

'ஆஸ்துமா இருக்கிறதா?' என்று கேட்டால் நம் ஊரில் பலர் இல்லை என்றுதான் சொல்வார்கள். 'சின்ன வயதில் வீசிங் இருந்தது, இப்போது இல்லை', 'மார்கழிப் பனிக்கு மட்டும் கொஞ்சம் இழுக்கும்' என்பதெல்லாம் அடுத்த கேள்வியில்தான் வெளிவரும். டிசம்பர் சீசனில் வாசிப்பவருக்கு அந்த மார்கழிதான் முக்கியம். இழுப்பு, வீசிங், நெபுலைசர் வைத்தது என்று எப்போது எது இருந்திருந்தாலும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

நாடித்துடிப்பு இயல்பாகவே மிகக் குறைவாக உள்ளவர்கள், இதயத்தின் மின்னோட்டத்தில் தடையான ஹார்ட் பிளாக் இருப்பவர்கள், கட்டுக்குள் வராத இதயச் செயலிழப்பு உள்ளவர்கள், ரத்த அழுத்தம் தாழ்ந்தவர்கள், இதயத்துக்கோ ரத்த அழுத்தத்துக்கோ வெரபமில் அல்லது டில்டியாசெம் சாப்பிடுபவர்கள் ஆகியோரும் இதைத் தவிர்க்க வேண்டும். கடுமையான ஒவ்வாமைக்கு முன்பு அட்ரினலின் ஊசி தேவைப்பட்டவர்களுக்கு, மறுபடி அந்த நிலை வந்தால் ஊசி சரியாகப் பிடிக்காமல் போகலாம். சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ கிளிமிபிரைடோ எடுப்பவர்கள் சர்க்கரை இறங்குவதை நடுக்கத்தையும் படபடப்பையும் வைத்துத்தான் கண்டுபிடிக்கிறார்கள். அந்த இரண்டு அறிகுறிகளையும் இந்த மருந்து மறைத்துவிடும். வியர்வை மட்டும் மிஞ்சும். கச்சேரிக்கு முன் சாப்பிடாமல் இருக்கும் பழக்கமும் சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம்.

அடுத்தது இரவல் மாத்திரை. வீட்டில் யாருக்கோ ஒற்றைத் தலைவலிக்கு எழுதிக்கொடுத்த அட்டையிலிருந்து ஒன்றைக் கிள்ளி எடுப்பது. அது நாள் முழுவதும் மெதுவாகக் கரையும் வகையாக இருக்கலாம். மாலை ஆறு மணிக்குத் தேவையான அளவு ஆறு மணிக்குக் கிடைக்காது. அதைவிட மோசமாக, எடிசோலம் அல்லது குளோனாசெபாம் சேர்த்த கூட்டு மாத்திரையாக இருக்கலாம். அப்படிப்பட்டவை இந்தியாவில் விற்பனையில் உண்டு. நடுக்கமும் நிற்கும், கூடவே தூக்கமும் மறதியும் வரும். சரணத்தை மறந்துவிடுவோமோ என்று பயந்தவர் உண்மையிலேயே மறப்பார். அட்டையின் பின்பக்கம் சின்ன எழுத்தில் உள்ள மருந்துப் பெயர்களை முழுதாகப் படிப்பதற்கு அரை நிமிடம்தான் ஆகும்.

முதல் மாத்திரையைக் கச்சேரி நாளில் போடுவது இன்னொரு தவறு. சரியாகச் செய்வது எப்படி என்று பார்ப்போம். 26 வயது வயலின் கலைஞர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். இழுப்பு கிடையாது, வேறு மருந்தும் இல்லை, நாடி 78. மருத்துவர் பரிசோதித்துவிட்டு 10 மி.கி. எழுதித் தருகிறார். கச்சேரிக்கு மூன்று வாரம் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு, கச்சேரி நாளில் சாப்பிடுவது போலவே லேசாகச் சாப்பிட்டுவிட்டு, மாத்திரையைப் போடுகிறார். ஆறு மணிக்கு நாடி 66. எழுந்து நின்றால் தலை சுற்றவில்லை, கை சில்லிடவில்லை, மூச்சு இறுகவில்லை. அன்று தெரிந்துகொண்டது மருந்து உடம்புக்கு ஒத்துவருகிறது என்பதை மட்டும்தான். வீட்டில் நடுக்கமே இல்லாதபோது அது நடுக்கத்தை அடக்குமா என்று எப்படித் தெரியும்? அடுத்த வாரம் தெரிந்தவர் வீட்டு நவராத்திரிக் கொலுவில் இருபது பேர் முன்னால் வாசிக்கும்போதுதான் மேல் ஷட்ஜம் பதில் சொல்லும். போதவில்லை என்றால் அளவைக் கூட்டுவதை மருத்துவர் முடிவு செய்வார். பெரும்பாலும் 40 மி.கி.யைத் தாண்டத் தேவையிருக்காது.

மேடைக்குப் பின்னால் நின்றுகொண்டு 'இன்னும் படபடக்கிறதே' என்று இரண்டாவதைப் போடுவதுதான் நான் மிகவும் அஞ்சுவது. முதல் மாத்திரை வேலை காட்டவே ஒரு மணி நேரம் ஆகும். அது வருவதற்குள் இன்னொன்றை அனுப்பினால் இரண்டும் சேர்ந்து பாதிக் கச்சேரியில் இறங்கும். கை நிலைக்கும், வாசிப்பில் சுரத்து இருக்காது. பாடுபவர்களும் நாகஸ்வரம், புல்லாங்குழல் வாசிப்பவர்களும் மூச்சை நம்பி இருப்பதால் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

வில்வித்தை, துப்பாக்கிச் சுடுதல் வீரர்களுக்கு இது தடைசெய்யப்பட்ட மருந்து. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வட கொரியாவின் கிம் ஜோங் சூ வென்ற வெள்ளியும் வெண்கலமும் இதனால்தான் பறிபோயின. சங்கீத சபாக்களில் அப்படிச் சோதனை ஏதும் இல்லை.

எப்போதாவது ஒன்று போடுபவர் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். தினமும் சாப்பிட்டு வருபவர் திடீரென நிறுத்தக் கூடாது. படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். மீதி மாத்திரைகளை வாத்தியப் பெட்டியில் போட்டு வைக்காதீர்கள். அளவு மீறினால் இதயத் துடிப்பு சரிந்து, வலிப்பு வந்து, சில மணி நேரத்தில் உயிரே போகக்கூடும். குழந்தையோ, மனம் உடைந்த நிலையில் உள்ள யாரோ அதிகமாக விழுங்கியது தெரிந்தால், நன்றாகத்தானே இருக்கிறார் என்று காத்திருக்காமல் உடனே 108ஐ அழையுங்கள். காலி அட்டையையும் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள்.