ஸ்கேனில் விழுந்த கறுப்புக் கோடு

பினாங்கு லிட்டில் இந்தியாவில் ஒரு சந்தில், பழைய மடிக்கணினியும் ஸ்கேன் வசதியுள்ள பிரிண்டரும் வைத்துப் படிவம் நிரப்பித் தருகிறேன். திடீரென்று ஸ்கேன் செய்த ஒவ்வொரு பக்கத்திலும் மேலிருந்து கீழ்வரை மெல்லிய கறுப்புக் கோடு. "அண்ணே, ஐசி அடையாள அட்டை எண் மேலேயே கோடு போகிறதே" என்றார் ஓர் அம்மா.

அதே தாளை, மூடியைத் திறந்து பெரிய கண்ணாடியில் வைத்து ஸ்கேன் செய்தேன், கோடு இல்லை. மேலே உள்ள தட்டிலிருந்து தாள் தானாக இழுபடும்போது மட்டும்தான் வந்தது. அப்படி இழுபடும்போது சென்சார் நகராது, தாள்தான் நகரும். அதனால் கண்ணாடியில் ஒட்டிய ஒரே புள்ளி நீண்ட கோடாகிவிடுகிறது.

பெரிய கண்ணாடிக்கு இடப்புறம் விரலகலத்தில் இன்னொரு கண்ணாடிப் பட்டை இருக்கிறது. பலர் அதைத் துடைப்பதே இல்லை. மின்சாரத்தைத் துண்டித்து, டார்ச் அடித்துச் சாய்வாகப் பார்த்தேன். கடுகளவுகூட இல்லாத வெள்ளைத் துளி. யாரோ படிவத்தில் பூசிய திருத்த மை, காயுமுன் ஒட்டியிருக்கிறது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் ஊறவைத்து, நகத்தால் மெதுவாக நீக்கினேன். பிளேடு வேண்டாம், கீறல் விழுந்தால் கோடு நிரந்தரம்.

ஸ்கேன் சுத்தமாக இருந்து அச்சில் மட்டும் கோடு வந்தால், லேசர் பிரிண்டரில் டிரம்மையோ டோனரையோ பார்க்க வேண்டும்.