மூன்று நாணயங்களைச் சுற்றி வந்தால் லாபமா? முக்கோண ஆர்பிட்ரேஜில் செய்யும் தவறுகள்

ஸ்கிரீனில் மூன்று விலைகள் தெரிவதாகக் கொள்வோம். ஒரு யூரோ 1.1000 டாலர், ஒரு பவுண்ட் 1.2500 டாலர், ஒரு யூரோ 0.8803 பவுண்ட். முதல் இரண்டையும் வகுத்தால் யூரோவின் விலை 0.8800 பவுண்டாகத்தான் இருக்க வேண்டும். 10 லட்சம் டாலரை யூரோவாக்கி, அதைப் பவுண்டாக்கி, மறுபடியும் டாலராக்கினால் 10,00,341 டாலர் வருகிறது. சும்மா கிடைக்கும் 341 டாலர்! விலை ஏறுமா இறங்குமா என்று பந்தயம் கட்டாமல், மூன்று விலைகளும் ஒன்றோடொன்று பொருந்தாததை மட்டும் வைத்து இப்படி லாபம் எடுப்பதுதான் முக்கோண ஆர்பிட்ரேஜ்.

இந்தக் கணக்கில்தான் முதல் தவறு, அதுவும் பெரிய தவறு, இருக்கிறது. திரையில் தெரிந்தவை நடுவிலைகள். அந்த விலைக்கு யாரும் வாங்குவதுமில்லை, விற்பதுமில்லை. டீலர் ஒவ்வொரு நாணய ஜோடிக்கும் இரண்டு விலை சொல்வார். வாங்குகிற நமக்குக் கூடிய விலை, விற்கிற நமக்குக் குறைந்த விலை. நடுவிலையிலிருந்து இருபுறமும் 0.0002 தள்ளியிருப்பதாக வைத்து அதே சுற்றைப் போவோம். 1.1002 கொடுத்து யூரோ வாங்கினால் 9,08,926 யூரோ. அதை 0.8801க்கு விற்றால் 7,99,945 பவுண்ட். அதை 1.2498க்கு விற்றால் 9,99,772 டாலர். லாபம் போய் 228 டாலர் நஷ்டம். விலை இடைவெளி 0.034 சதவீதம்தான், மூன்று முறை கைமாற்றும் செலவோ ஏறக்குறைய 0.057 சதவீதம். இந்த இரண்டையும் ஒப்பிடாமல் ஆர்டர் போடவே கூடாது. கமிஷன் இதற்கு மேல் தனி.

சரி, இடைவெளி செலவைவிடப் பெரிதாகவே இருக்கிறது. அப்போது காத்திருக்குமா? காத்திருக்கும் என்று நம்புவது அடுத்த தவறு. டாலர் கொடுத்து யூரோ வாங்கும்போது யூரோவின் டாலர் விலை ஏறுகிறது. யூரோவை விற்றுப் பவுண்ட் வாங்கும்போது யூரோவின் பவுண்ட் விலை இறங்குகிறது. பவுண்டை விற்கும்போது அதன் டாலர் விலையும் இறங்குகிறது. லாபம் தேடும் மூன்று ஆர்டர்களுமே அந்த லாபத்தை அரிக்கின்றன. அதற்கு முன்பே டீலர்களின் கணினிகள் இரண்டு டாலர் விலைகளையும் பார்த்து யூரோ–பவுண்ட் விலையைத் தாமாகத் திருத்திக்கொண்டிருக்கின்றன. டாலர் விலை நகர்ந்து, அந்தத் திருத்தம் வந்துசேரும் வரை உள்ள தாமதமே பெரும்பாலும் நாம் காணும் இடைவெளி. அது வெறும் பழைய விலை. கண்ணில் பட்டு விரல் நகர்வதற்குள் முடிந்துவிடும்.

வெவ்வேறு இணையதளங்களில் மூன்று விலைகளையும் எடுத்து ஒட்டிப் பார்ப்பவர்களுக்கு இடைவெளி தினமும் கிடைக்கும். அது கடிகார வித்தியாசம், சந்தை வித்தியாசம் அல்ல.

ஆளை உண்மையிலேயே அடிப்பது, மூன்று ஆர்டர்களும் ஒரே நொடியில் நிறைவேறும் என்ற எண்ணம். யூரோ வாங்கியாயிற்று, யூரோவை விற்கப் போகும்போது அந்த விலைக்கு ஒரு லட்சம் யூரோவுக்கு மட்டுமே ஆள் இருக்கிறது. மீதி 8 லட்சத்துச் சொச்சம் யூரோ கையில் நிற்கிறது. இனி அதைக் கிடைத்த விலைக்குத் தள்ள வேண்டும், இல்லையென்றால் யூரோ ஏறும் என்று காத்திருக்க வேண்டும். காத்திருந்தால் அதற்குப் பெயர் ஆர்பிட்ரேஜ் அல்ல.