ஒன்று வாங்கினால் ஒன்று இலவசமா, பாதி விலையா? பில் போடும் இடத்தில் நடக்கும் தவறுகள்

ஒரு ஜவுளிக்கடையில் நான்கு ஆடி மாதம் பில்லிங் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறேன். ஆடித் தள்ளுபடி தொடங்கியதும் வாசலில் இரண்டு போர்டு வரும். சட்டைப் பகுதிக்கு ‘ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்’, பேன்ட் பகுதிக்கு ‘ஃபிளாட் 50% தள்ளுபடி’. இரண்டும் ஒன்றுதானே என்று கேட்பவர்கள் பாதிப் பேர். இலவசம்தான் பெரிய லாபம் என்று நினைப்பவர்கள் மீதிப் பேர். இரண்டு பேருக்கும் கணக்கு கொஞ்சம் தவறுகிறது.

800 ரூபாய் சட்டை ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒன்றுக்கு ஒன்று இலவசம் என்றால் 800 கொடுத்து இரண்டு சட்டை வாங்கி வருகிறீர்கள், ஒன்று 400 ரூபாய். பாதி விலை என்றாலும் ஒன்று 400தான். இந்த அளவில் இரண்டும் சமம். சின்ன வகுப்புக் கணக்குப் புத்தகத்திலும் போட்டித் தேர்விலும் இதே கேள்வி வரும். ‘ஒன்று இலவசம்’ என்பதைப் பார்த்து 100% தள்ளுபடி என்று எழுதிவிட்டு வருகிறவர்கள் உண்டு. கையில் வந்தது இரண்டு பொருள், காசு கொடுத்தது ஒன்றுக்கு. ஆக, தள்ளுபடி இரண்டில் ஒன்று, அதாவது 50%. இதே வழியில் ‘இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்’ என்பது மூன்றில் ஒன்று, 33 சொச்சம் சதவீதம். அதற்குப் பக்கத்தில் ‘ஃபிளாட் 40%’ போர்டு இருந்தால் இலவசம் என்ற வார்த்தையை விட்டுவிட்டு 40%-க்குப் போவதே நல்லது.

சமம் என்று சொன்னேனே, அது எத்தனை பேருக்குப் பொருந்தும் என்பதுதான் விஷயம். இரண்டு நிபந்தனை சேர்ந்தால்தான் அது சமம். உங்களுக்குத் தேவையான எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்க வேண்டும், எடுக்கும் பொருள்களின் விலை ஜோடி ஜோடியாக ஒன்றாக இருக்க வேண்டும். இதில் எது தவறினாலும் பாதி விலைதான் ஜெயிக்கும்.

முதலில் எண்ணிக்கை. ஒரே ஒரு சட்டைதான் வேண்டும் என்று வந்தவர் பாதி விலையில் 400 கொடுத்துவிட்டுப் போவார். இலவச ஆஃபரில் 800 கொடுப்பார், கூடவே வேண்டாத ஒரு சட்டையும் வீட்டுக்கு வரும். மூன்று வேண்டும் என்றால் பாதி விலையில் 1,200. இலவச ஆஃபரில் 1,600 ஆகும், நான்காவதும் சேர்ந்து வரும். அந்த நான்காவது சட்டை உண்மையிலேயே போட்டுக் கிழிக்கப்படுமானால் நஷ்டமில்லை. பீரோவில் பிளாஸ்டிக் கவரோடு தூங்கினால் 400 ரூபாய் அங்கே தூங்குகிறது என்று அர்த்தம்.

கடைக்காரர் ஏன் இலவசத்தை விரும்புகிறார் என்பதும் இதிலேயே இருக்கிறது. 800 ரூபாய் சட்டையின் அடக்கம் 300 என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதி விலையில் ஒரு சட்டை விற்றால் அவருக்கு 100 ரூபாய் மிஞ்சும். இலவச ஆஃபரில் அதே ஆளிடம் இரண்டு சட்டை போய்விடும், 200 மிஞ்சும், பழைய ஸ்டாக்கும் கரையும். ஆடிக்குப் பிறகு தீபாவளிச் சரக்கு வந்து இறங்கும்போது ரேக் காலியாக இருக்க வேண்டுமே. இதில் ஏமாற்று எதுவும் இல்லை, வியாபாரம்தான். நம் தேவைக்கும் அது பொருந்துகிறதா என்று பார்ப்பது நம் வேலை.

இனி விலை வித்தியாசம். பில் போடும்போது முகம் சுருங்குவது பெரும்பாலும் இங்கேதான். ‘குறைந்த விலையுள்ளது இலவசம்’ என்று போர்டின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும். 1,200 ரூபாய் சட்டையும் 700 ரூபாய் சட்டையும் எடுத்தால் 700 கழியும், 1,200 கட்ட வேண்டும். மொத்த மதிப்பு 1,900, கிடைத்த தள்ளுபடி 700. கிட்டத்தட்ட 37%தான். இதே இரண்டும் பாதி விலையில் 950 ரூபாய்க்கு வந்திருக்கும். இலவசமாகக் கிடைப்பது எப்போதும் இரண்டில் சிறியது. பாதி விலையில் கழிவது இரண்டையும் கூட்டியதில் பாதி. சிறியது அந்தப் பாதியைத் தாண்டவே தாண்டாது. அதனால் இரண்டு ஆஃபரிலும் ஒரு பொருளின் டேக் விலை ஒன்றாக இருக்கும்வரை, ஒன்றுக்கு ஒன்று இலவசம் அதிகபட்சம் பாதி விலையைத் தொடும், அதற்குக் கீழே போகாது.

நண்பர்கள் இருவர் சேர்ந்து வாங்கும்போது இதே கணக்கில் ஒரு சின்னச் சண்டையும் வரும். 700 ரூபாய் சட்டை எடுத்தவர், “என்னுதுதானடா ஃப்ரீ, நான் ஏன் காசு தரணும்?” என்பார். கவுண்டரில் இதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். ஆளுக்கு 600 என்று பிரிப்பதும் சரியில்லை, அப்போது 700 ரூபாய்க்காரருக்கு 100தான் மிச்சம், மற்றவருக்கு 600 மிச்சம். டேக் விலையின் விகிதத்தில் பிரித்தால் 1,200 சட்டைக்காரர் 758, மற்றவர் 442. இருவருக்கும் அதே 37% தள்ளுபடி கிடைக்கும்.

நான்கு உருப்படி எடுக்கும்போது தவறு இன்னும் பெரிதாகும். என் அக்கா ஒருமுறை வேறொரு கடையில் மாமாவுக்கும் பெரியவனுக்கும் சின்னவனுக்கும் அப்பாவுக்கும் சேர்த்து நான்கு சட்டை எடுத்தாள். விலை 1,500, 1,400, 600, 500. மொத்தம் 4,000. எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டுக் கவுண்டரில் வைத்தாள். பில்லில் 2,900 வந்தது. “ரெண்டு ஃப்ரீன்னு போட்டிருக்கே, பாதிக்குப் பாதி வர வேண்டாமா?” என்று எனக்குப் போன் பண்ணினாள். அந்தக் கடை மென்பொருள் நான்கில் மிகக் குறைந்த விலையுள்ள இரண்டை, அதாவது 600-ஐயும் 500-ஐயும், இலவசமாகக் கழித்திருந்தது. 4,000-க்கு 1,100தான் தள்ளுபடி.

இரண்டு பில்லாகப் போடச் சொல் என்றேன். 1,500-உம் 1,400-உம் ஒரு பில், 600-உம் 500-உம் இன்னொரு பில். முதல் பில்லில் 1,400 கழிந்து 1,500 கட்ட வேண்டும். இரண்டாவதில் 500 கழிந்து 600. மொத்தம் 2,100. அதே நான்கு சட்டை, 800 ரூபாய் குறைவு. கவுண்டரில் இருந்த பையன் கொஞ்சம் முணுமுணுத்தானாம், ஆனால் போட்டுக் கொடுத்துவிட்டான். பாதி விலை ஆஃபராக இருந்தால் இந்தத் தலைவலியே இல்லை, 2,000-ல் முடிந்திருக்கும்.

எல்லாக் கடை மென்பொருளும் இப்படிச் செய்யாது. சில கடைகளில் அதுவே விலையை இறங்கு வரிசையில் அடுக்கி, அடுத்தடுத்த இரண்டை ஜோடி சேர்த்துவிடும். அப்போது ஒரே பில்லிலேயே 2,100 வரும். எது என்று நமக்கு வெளியிலிருந்து தெரியாது. அதனால் பார்கோடு அடிப்பதற்கு முன்பே, எந்த உருப்படி எதோடு ஜோடி என்று கேட்டுவிடுங்கள். பில் அடித்து முடித்தபின் ரத்து செய்ய மேலாளர் வர வேண்டும், பின்னால் வரிசை நிற்கும், நாமும் போகட்டும் என்று விட்டுவிடுவோம்.

அடுத்தது அடிப்படை விலை. மேலே போட்ட கணக்கெல்லாம் இரண்டு ஆஃபரும் ஒரே விலையில் தொடங்குகின்றன என்று எடுத்துக்கொண்டது. நிஜத்தில் அப்படி இருப்பதில்லை. டேக்கில் எம்.ஆர்.பி. 1,200 என்று அச்சாகியிருக்கும் சட்டையை ஆனி மாதம் முழுக்கக் கடை 899-க்கு விற்றுக்கொண்டிருக்கும். ஆடியில் 1,200-க்கு ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம். ஒன்று 600 ஆகிறது. டேக்கைப் பார்த்தால் 50% தள்ளுபடி, ஆனால் போன மாதம் நீங்கள் கொடுத்திருக்கக்கூடிய 899-ஓடு ஒப்பிட்டால் 33%தான். எதிர்க் கடையில் அதே ரகம் 1,100 டேக்கில் பாதி விலைக்கு இருந்தால் 550. சதவீதத்தையும் இலவசத்தையும் மறந்துவிட்டு, எனக்குத் தேவையான எண்ணிக்கைக்குக் கையிலிருந்து எவ்வளவு போகிறது என்று மட்டும் பார்த்தால் இந்தக் குழப்பம் தீர்ந்துவிடும். மளிகையிலும் இதேதான், அங்கே உருப்படிக்குப் பதில் கிராம் கணக்கு. கூடவே இலவசப் பாக்கெட்டின் காலாவதித் தேதியையும் திருப்பிப் பாருங்கள். சோப்பு கெடாது, பிரெட் கெட்டுவிடும்.

பாதி விலையிலும் ஒரு பொறி உண்டு. ‘50%’-க்குப் பக்கத்தில் ‘வரை’ என்று குட்டியாக ஒட்டியிருந்தால் அது வேறு ஆஃபர், அதை மேலே சொன்ன கணக்கில் சேர்க்காதீர்கள். இன்னொன்று, 400 ஆன சட்டைக்கு மேலே ஜி.எஸ்.டி. தனி என்று 20 ரூபாய் சேர்ப்பது. எம்.ஆர்.பி. என்பதே எல்லா வரிகளும் உட்பட்ட விலை. அதில் தள்ளுபடி அறிவித்துவிட்டு அதன்மேல் வரி போடுவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2017-ல், வாட் வரி இருந்த காலத்து வழக்கு ஒன்றில், சொல்லியிருக்கிறது. கடையில் பேசித் தீரவில்லை என்றால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

வரித்துறை இந்த இலவசத்தை எப்படிப் பார்க்கிறது என்பதும் சுவாரசியம். 2019 மார்ச்சில் வந்த ஜி.எஸ்.டி. சுற்றறிக்கை (எண் 92/11/2019), முதல் பார்வையில் ஒன்று இலவசம் போலத் தோன்றினாலும் இது ஒன்றின் விலைக்கு இரண்டு பொருள் விற்பதுதான் என்று விளக்குகிறது. போர்டில் இருக்கும் இலவசம் அரசாங்கக் காகிதத்தில் இல்லை.

கடைசியாக, திருப்பிக் கொடுப்பது. இலவச ஜோடியில் ஒரு சட்டை சைஸ் சேரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பில்லில் அந்த ஜோடி இரண்டு விதமாக அச்சாகும். ஒரு வகையில் இரண்டு வரியிலும் 400, 400 என்று பிரித்து வரும். இன்னொரு வகையில் ஒரு வரியில் 800, மறு வரியில் 0. இரண்டாவது வகை பில்லோடு வந்து, 0 வரியில் இருக்கும் சட்டையை மாற்றி வேறு விலையில் ஒன்று எடுக்க வேண்டும் என்றால், பழைய சட்டைக்கு வரவு 0 என்றுதான் கம்ப்யூட்டர் காட்டும். நான் வேலை பார்த்த கடையில் அந்த வகைதான். அதே விலையில் வேறு சைஸ் இருந்தால் மாற்றிக் கொடுப்போம், இல்லையென்றால் ஒன்றும் செய்ய முடியாது. பாதி விலையில் வாங்கியவர்கள் 400 ரூபாய்க்கு வரவுச் சீட்டு வாங்கிக்கொண்டு பேன்ட் பக்கம் போய்விடுவார்கள்.