சேரும் தேதியைத் தள்ளிக் கேட்கும்போது

ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். கையெழுத்துப் போட்டபின் கேட்டால், ஒப்புக்கொண்ட தேதியை மாற்றுவதாகிவிடும்.

"கொஞ்சம் டைம் வேண்டும்" என்றால் ஹெச்.ஆர். தன் வசதிக்கு ஒரு தேதி போட்டுவிடுவார். நீங்களே கணக்குப் போட்டு ஒரே தேதியாகச் சொல்லுங்கள். நோட்டீஸ் 60 நாள், மார்ச் 3-ல் ராஜினாமா, மறுநாளிலிருந்து எண்ணுகிறார்கள் என்றால் கடைசி வேலை நாள் மே 2. வீடு மாற எட்டு நாள் சேர்த்தால் மே 11 என்று கேட்கலாம்.

மெயிலில் இவ்வளவு போதும்: "என் நோட்டீஸ் மே 2-ல் முடிகிறது. ஊர் மாற வேண்டியிருப்பதால் மே 11-ல் சேர விரும்புகிறேன். அந்தத் தேதியுடன் திருத்திய ஆஃபர் லெட்டர் அனுப்ப முடியுமா?"

பலர் சறுக்குவது இதற்கு அடுத்த படியில்தான். போனில் "சரி" என்றதை நம்பி ராஜினாமா செய்துவிடாதீர்கள். பழைய லெட்டரில் பழைய தேதிதான் இருக்கும். திருத்திய லெட்டர் வந்தபின் ராஜினாமா கொடுங்கள். அது ஐந்து நாள் தாமதமானால் நோட்டீஸும் ஐந்து நாள் தள்ளும். அதனால்தான் மே 3 என்று நெருக்கிக் கேட்கக் கூடாது.

புது கம்பெனி நோட்டீஸைக் குறைக்கச் சொன்னால், மீதி நாளுக்கான பணத்தை யார் கட்டுவது என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.