நிழற்படமாக வந்த மாநாட்டு நிகழ்ச்சி நிரலை அமர்வுவாரியான அட்டவணையாக மாற்றுவது எப்படி?

மாநாட்டு நிகழ்ச்சி நிரல்கள் பெரும்பாலும் கட்டங்களாகவே அச்சிடப்படுகின்றன. இடப்பக்கம் நேரமும் மேல்வரிசையில் அரங்குகளும் இருக்க, இரண்டும் சந்திக்கும் கட்டத்துக்குள் அமர்வின் தலைப்பும் பேச்சாளர்களின் பெயர்களும் இருக்கும். ஒருவர் எங்கே, எப்போது பேசுகிறார் என்பதைச் சொல்வது அவருடைய பெயர் அந்தப் பக்கத்தில் நிற்கும் இடமே. படத்திலிருந்து எழுத்துகளைப் பிரித்தெடுக்கும் கருவிகள் சொற்களை ஓரளவு சரியாகவே தருகின்றன. ஆனால் அவை நின்ற இடத்தைத் தவறவிட்டுவிடுகின்றன. அதை எப்படிக் காப்பாற்றுவது என்பதே இந்த விளக்கத்தின் மையம்.

படி 1: படத்தைச் சரிபார்த்தல்

படத்தைப் பெரிதாக்கி, மிகச் சிறிய எழுத்தில் உள்ள ஒரு பெயரை உங்கள் கண்ணால் படித்துப் பாருங்கள். உங்களால் படிக்க முடியாததைக் கருவியாலும் படிக்க முடியாது. வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பும்போது கோப்பு சுருக்கப்பட்டுவிடுவதால், அதையே ஆவணமாக அனுப்பித் தரும்படி கேளுங்கள். புதிதாகப் படம் எடுக்க வாய்ப்பிருந்தால், தாளைத் தட்டையாக விரித்து, நேர் மேலிருந்து, பக்கத்துக்கு ஒரு படமாக எடுக்க வேண்டும். மடிப்பின் மேல் விழும் வரி வளைந்துபோனால் அந்த வரியின் நேரம் அடுத்த வரியோடு சேர்ந்துவிடும்.

படி 2: படத்தை வெட்டுதல்

முழுப் பக்கத்தையும் அப்படியே கருவிக்குக் கொடுப்பதுதான் தொடக்கநிலையில் பலரும் செய்யும் பிழை. ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 11.15 மணிக்கு அரங்கு 1இல் ‘வறட்சி தாங்கும் பயிர் வகைகள்’ என்ற அமர்வும், அரங்கு 2இல் ‘நிலத்தடி நீரின் உப்புத் தன்மை’ என்ற அமர்வும் நடக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டம் குறுகலாக இருப்பதால் இரு தலைப்புகளும் இரண்டிரண்டு வரிகளாக மடிந்திருக்கின்றன. கருவி கட்டங்களின் எல்லையைக் கவனிக்காமல் இடமிருந்து வலமாகப் படித்தால் நமக்குக் கிடைப்பது இதுதான்:

வறட்சி தாங்கும் நிலத்தடி நீரின்
பயிர் வகைகள் உப்புத் தன்மை

ஒவ்வொரு சொல்லும் சரியாக இருப்பதாலும், முதல் வரி ஒரு தலைப்பைப் போலவே தோன்றுவதாலும், இந்தப் பிழை எளிதில் கண்ணில் படாது. பேச்சாளர் பெயர்களும் இதே போலக் கலந்தால், ஒருவரை வேறோர் அரங்கில் தேடி அலைய நேரிடும்.

எனவே படத்தை முதலில் வெட்டிவிடுங்கள். வெட்டும் வரிசை முக்கியமானது: முதலில் குறுக்காக, பிறகே நெடுக்காக. சிறப்புரை, தேநீர் இடைவேளை போன்றவை எல்லா அரங்குகளுக்கும் பொதுவானவை என்பதால் பக்கத்தின் முழு அகலத்துக்கும் ஒரே கட்டமாக அச்சிடப்பட்டிருக்கும். நெடுக்காகத் தொடங்கினால் அந்தக் கட்டம் இரண்டாகப் பிளந்துவிடும். நேரப் பட்டை ஒவ்வொன்றையும் குறுக்காகப் பிரித்தெடுத்து, இணை அமர்வுகள் உள்ள பட்டைகளை மட்டும் அரங்குவாரியாக நெடுக்காக வெட்டுங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் நாள், நேரம், அரங்கு மூன்றும் தெரியும்படி `1-1115-A2.jpg` என்பது போலப் பெயரிடுங்கள். துண்டு எங்கிருந்து வந்தது என்பதற்கு இனி இந்தப் பெயரே சாட்சி.

படி 3: எழுத்தைப் பிரித்தெடுத்தல்

துண்டுகளைக் கூகுள் டிரைவில் ஏற்றி, கணினியில் ஒவ்வொன்றின் மீதும் வலது சொடுக்கி, `Open with` என்பதன் கீழ் `Google Docs` என்பதைத் தேர்ந்தெடுங்கள். திறக்கும் ஆவணத்தில் படமும் அதன் கீழே எழுத்தும் இருக்கும். இந்த வேலைக்கு இதுவே போதுமானது.

படி 4: விரிதாளில் அமைத்தல்

ஓர் உரைக்கு ஒரு வரி என்பதே விதி. A முதல் H வரையிலான நெடுவரிசைகளுக்கு நாள், தொடக்கம், முடிவு, அரங்கு, அமர்வு, பேச்சாளர், உரைத் தலைப்பு, அமர்வுத் தலைவர் என்று தலைப்பிடுங்கள். கட்டத்தில் முதலாவதாக உள்ள பெயர் பல நேரங்களில் அமர்வுத் தலைவருடையது. அதைப் பேச்சாளராக எழுதிவிட்டால் கீழே உள்ள எல்லாப் பெயர்களும் ஒரு வரி நகர்ந்து, தவறான தலைப்புகளோடு சேர்ந்துவிடும். ஓர் உரைக்குப் பல ஆசிரியர்கள் இருந்தால், அடிக்கோடோ உடுக்குறியோ உள்ள பெயரே பெரும்பாலும் பேசுபவரைக் குறிக்கும். அந்தக் குறியின் பொருளை நிரலின் முன்பக்கக் குறிப்பில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

நேரங்களை மட்டும் ஒட்டாமல், படத்தைப் பார்த்துக் கையால் தட்டச்சு செய்யுங்கள். அச்சில் 11.30 என்று இருப்பதை அப்படியே ஒட்டினால் விரிதாள் அதைப் பதின்ம எண்ணாகக் கொண்டு 11.3 என்று சுருக்கிவிடக்கூடும். பிறகு புள்ளியை முக்காற்புள்ளியாக மாற்றும்போது அது 11:03 ஆகிவிடும். பிற்பகல் 2.00 என்பதை 14:00 என்றே எழுதுங்கள்; 2:00 என்று எழுதினால் வரிசைப்படுத்தும்போது பிற்பகல் அமர்வு காலைத் தொடக்கவுரைக்கு முன்னால் போய் நிற்கும்.

முடிவு நேரம் பற்றி ஒரு வார்த்தை. நம் எடுத்துக்காட்டில் அமர்வு 11.15 முதல் 12.45 வரை, நான்கு உரைகள். முன்பக்கத்தில் ஓர் உரைக்கு 20 நிமிடம் என்று குறித்திருந்தால் உரைகள் 11:15, 11:35, 11:55, 12:15 மணிக்குத் தொடங்கி 12:35க்கு முடியும்; எஞ்சிய 10 நிமிடத்தைக் கலந்துரையாடல் என்று தனி வரியாக எழுதலாம். அத்தகைய குறிப்பு இல்லையென்றால், 90 நிமிடத்தை நான்காக வகுத்து நேரங்களை நீங்களே உருவாக்க வேண்டாம். அமர்வை ஒரே வரியாக எழுதி, பேச்சாளர்களை அச்சில் உள்ள வரிசையில் கொடுங்கள். அமைப்பாளர்கள் சொல்லாத நேரத்தை நம்பி ஒருவர் தாமதமாக வந்தால், அவர் கேட்க விரும்பிய உரை முடிந்திருக்கலாம்.

படி 5: சோதித்தல்

தாளை நாள், அரங்கு, தொடக்கம் என்ற முறையில் வரிசைப்படுத்தி, I3 கட்டத்தில் இந்த வாய்பாட்டை இட்டுக் கீழே இழுத்துவிடுங்கள்:

```
=IF(OR(A3<>A2,D3<>D2),"",IF(B3<C2,"மோதல்",IF(B3>C2,"இடைவெளி","")))
```

‘மோதல்’ என்று வந்தால், ஒரே அரங்கில் முந்தைய உரை முடியும் முன்பே அடுத்தது தொடங்குவதாகப் பதிவாகியிருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் 1 என்பது 7 ஆகவோ, அரங்கு 3 என்பது 8 ஆகவோ மாறியிருக்கும். ‘இடைவெளி’ என்பது இடைவேளைகளிலும் பொதுச் சிறப்புரைகளின்போதும் வருவது இயல்பே. வேறெங்கு வந்தாலும் ஓர் உரை விடுபட்டிருக்கிறதா என்று அந்தத் துண்டுப் படத்தைத் திறந்து பாருங்கள். அடுத்து, தாளைப் பேச்சாளர் பெயரால் வரிசைப்படுத்துங்கள். ஒரே பெயர் ஒரே நேரத்தில் இரண்டு அரங்குகளில் வந்தால் அது உங்கள் பிழையாகவும் இருக்கலாம், அச்சுப் பிழையாகவும் இருக்கலாம். அச்சுப் பிழையாக இருந்தால் நீங்களே திருத்தாமல் அமைப்பாளர்களைக் கேளுங்கள்.

பெயர்களின் முதலெழுத்துகளை எந்த வாய்பாடும் சோதிக்காது. ‘சு.’ என்பது ‘க.’ ஆகிவிடுவது எளிது. நிரலின் கடைசியில் பெயரடைவு இருந்தால் அதனோடு ஒப்பிடுங்கள். இல்லையென்றால் ஒருவர் படத்தைப் பார்த்து வாசிக்க, மற்றவர் தாளைப் பார்த்துச் சரிபார்ப்பதே நம்பகமான வழி.

படி 6: பங்கேற்பாளர்களுக்குத் தருதல்

எட்டு நெடுவரிசைகள் கைப்பேசித் திரையில் அடங்காது. தாளை மீண்டும் நாள், தொடக்கம், அரங்கு என வரிசைப்படுத்தி, ஒவ்வோர் அமர்வையும் இப்படிச் சிறு பத்தியாக எழுதி அனுப்புங்கள்:

முதல் நாள், 11:15–12:45, அரங்கு 2
நிலத்தடி நீரின் உப்புத் தன்மை
தலைவர்: (பெயர்)
11:15 (பேச்சாளர்), (உரைத் தலைப்பு)
11:35 (பேச்சாளர்), (உரைத் தலைப்பு)

ஒவ்வொரு பக்கத்தின் மேலும், இது எந்தத் தேதியில் வெளியான நிரலிலிருந்து எடுக்கப்பட்டது என்பதை எழுதுங்கள். அரங்கு மாற்றம் அறிவிக்கப்பட்டால், விரிதாளில் அந்த வரிகளை மாற்றி, படி 5இன் சோதனையை மீண்டும் செய்த பிறகே புதிய தேதியோடு அனுப்ப வேண்டும். மாறிய அமர்வு புதிய அரங்கில் ஏற்கெனவே உள்ள வேறோர் அமர்வோடு மோதுகிறதா என்பது அப்போதுதான் தெரியும்.