ஒரே பிழைக்கு மூன்று முறை மதிப்பெண் போகாமல்

பெங்களூரு அல்சூரில் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கணினி வகுப்பு எடுக்கிறேன். பூக்கடையின் ஆறு மாத விற்பனையை விரிதாளில் அலசும் பயிற்சிக்கு 20 மதிப்பெண்: சூத்திரம் 6, துல்லியம் 6, வரைபடம் 4, முடிவுரை 4. ஒரு மாணவியின் மொத்தம் 27,300 வர வேண்டிய இடத்தில் 22,500 வந்திருந்தது. கோட்டு வரைபடத்தில் ஜூன் மாதம் பூஜ்ஜியம். "ஜூனில் விற்பனையே இல்லை" என்று முடிவும் எழுதிவிட்டாள்.

அவள் எழுதிய சூத்திரமோ சரிதான்:

```
=SUM(B2:B7)
```

ஜூன் விற்பனை இருக்கும் B7-இல் 4,800 இடது ஓரமாக ஒட்டி நின்றது. அதுதான் துப்பு. சோதித்தேன்:

```
=ISNUMBER(B7)
```

FALSE. எண் உரையாகப் பதிவாகியிருந்தது. SUM அதைக் கூட்டாது, கோட்டு வரைபடம் அதைப் பூஜ்ஜியமாக வரையும்.

அதனால் பிழையை அது பிறந்த இடத்தில் மட்டும் கழித்தேன். துல்லியத்தில் 3 போனது. சூத்திரத்துக்கும் வரைபடத்துக்கும் முழு மதிப்பெண். முடிவுரையில் 1 குறைத்தேன், அட்டவணையில் 4,800 கண்ணெதிரே இருக்கிறதே! மொத்தம் 16.

இன்னொருவன் 27,300 என்று சரியாகவே காட்டினான். நகலில் B3-ஐ மாற்றிப் பார்த்தேன், மொத்தம் அசையவில்லை. கையால் அடித்த எண். துல்லியத்துக்கு 6, சூத்திரத்துக்கு எதுவும் இல்லை.