மெனுவில் 'ஆந்த்ரே' என்றால் எந்த உணவு?

'ஆந்த்ரே' என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு 'நுழைவு' என்று பொருள். பிரான்சிலும் ஆஸ்திரேலியாவிலும் அது முதலில் வரும் சிறு உணவு. அமெரிக்காவிலோ அதுதான் முக்கிய உணவு.

குழப்பத்துக்குக் காரணம் பழைய பிரெஞ்சு விருந்து. அதில் சூப்புக்குப் பிறகு, வாட்டிய பெரிய இறைச்சிக்கு முன்னால் வந்த கனமான பதார்த்தமே ஆந்த்ரே. பின்னாளில் விருந்தின் வரிசை சுருங்கியபோது, அமெரிக்காவில் அந்தக் கனமான உணவோடு பெயர் தங்கிவிட்டது. பிரான்சில் 'தொடக்கம்' என்ற பொருள் நிலைத்தது.

மெனுவில் முக்கிய உணவுக்கு 'மெயின்ஸ்' அல்லது 'ப்ளா' என்று தனித் தலைப்பு இருந்தால் ஆந்த்ரே தொடக்க உணவுதான். தொடக்க உணவுக்கான 'அப்பிடைசர்ஸ்' தலைப்புக்கு அடுத்து வந்தால் முக்கிய உணவு. இது தெரியாமல் ஆஸ்திரேலியாவில் ஆந்த்ரே மட்டும் கேட்டால் அரை வயிறுதான் நிறையும்.

சபையில் நேரும் இப்படிப்பட்ட சறுக்கலுக்கும் பிரெஞ்சுச் சொல்தான்: 'ஃபோ பா', அதாவது தவறான அடி. எழுத்தில் கடைசியில் எஸ் இருந்தாலும், ஒருமையில் அதை உச்சரிக்கக் கூடாது.